மினிட்ஸ் புத்தகத்தில் எவ்வளவு எழுதுவது?

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் மினிட்ஸ் புத்தகத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "லிஃப்டை மாற்ற ரூ.11,40,000 கொட்டேஷனை ஏற்பதென ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." இரண்டு வருடம் கழித்துப் பொறுப்புக்கு வந்த புதிய குழு, "ரூ.9,75,000-க்கும் ஒரு கொட்டேஷன் வந்ததாமே, அதை ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டது. காரணம் இருந்தது. ஆனால் புத்தகத்தில் இல்லை. பழைய செயலாளரான நான் வாயால் சொன்ன விளக்கம், சாக்குச் சொல்வதுபோலத்தான் அவர்கள் காதில் விழுந்தது.

நான் எழுதியது செயல் குறிப்பு வகை. என்ன முடிவானது, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்ற மூன்று மட்டும் அதில் இருக்கும்; பேச்சு இருக்காது. வாராவாரம் கூடும் குழுவுக்கும் பழுது வேலைகளைப் பார்க்கும் கூட்டத்துக்கும் இதைவிட நல்ல நடை கிடையாது. கூட்டம் முடிந்த மறுநாளே எல்லோர் கைக்கும் போய்விட வேண்டும். "தொட்டியைச் சுத்தம் செய்ய ஆவன செய்யப்படும்" என்று எழுதினால் அது செயல் குறிப்பே அல்ல. "தொட்டி சுத்தம் – பொருளாளர் – 15ஆம் தேதிக்குள்" என்று எழுத வேண்டும். ஒரே விஷயம் மூன்று கூட்டங்களாகத் திரும்பத் திரும்ப அஜெண்டாவில் வருகிறதென்றால், பெரும்பாலும் அந்த வரியில் ஆள் பெயரோ தேதியோ விடுபட்டிருக்கும்.

லிஃப்ட் விஷயத்துக்கு அது போதவில்லை. அங்கே விவரக் குறிப்பு வேண்டியிருந்தது. நான் இப்படி எழுதியிருக்க வேண்டும்:

"மூன்று கொட்டேஷன்கள் பரிசீலிக்கப்பட்டன. மிகக் குறைந்த ரூ.9,75,000-இல் பராமரிப்பு அடங்கவில்லை. அதற்கு ஆண்டுக்கு ரூ.45,000 தனி. ஐந்தாண்டுக்குக் கணக்கிட்டால் ரூ.12,00,000 ஆகிறது. ரூ.11,40,000 கொட்டேஷனில் ஐந்தாண்டுப் பராமரிப்பும் சேர்ந்திருப்பதால் அதை ஏற்பதென முடிவானது. செலவைச் சமமாகப் பகிர்வதற்குத் தரைத்தள உறுப்பினர் ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்தார்."

ஆறே வாக்கியங்கள். யார் யாரிடம் எப்படிக் கோபப்பட்டார், பேச்சு எங்கெங்கே போனது என்பதெல்லாம் இதில் இல்லை. முன்னால் இருந்த வழிகள், ஒன்றைத் தேர்ந்த காரணம், மாற்றுக் கருத்து ஆகியவை இருக்கின்றன. எதிர்ப்பு இருந்தும் நான் பழக்கத்தில் "ஒருமனதாக" என்று எழுதியிருந்தது பொய்ப் பதிவு என்பதும் இப்போதுதான் தெரிகிறது. கம்பெனிகளுக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 118ஆவது பிரிவும், நடந்ததன் நேர்மையான, சரியான சுருக்கத்தைத்தான் கேட்கிறது. அவதூறானதையும் பொருத்தமில்லாததையும் சேர்க்காமல் விடத் தலைவருக்கு அது அதிகாரம் தருகிறது.

மூன்றாவது வகை, சொல்லுக்குச் சொல் பதிவு. நாடாளுமன்றத்தில் இது உண்டு. ஊழியர் மீதான துறை விசாரணையில் சாட்சியிடம் கேட்ட கேள்வியும் அவர் சொன்ன பதிலும் அப்படியே பதிவாகி, அதில் அவர் கையெழுத்தும் வாங்கப்படும். அங்கே ஒரு சொல் மாறினால் ஒருவரின் வேலை போகலாம். சங்கக் கூட்டத்துக்கு இதைக் கேட்பவர்கள் உண்டு. நான் சம்மதிக்க மாட்டேன். ஒரு மணி நேரப் பேச்சே பக்கம் பக்கமாகப் போகும். முடிவு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய சேதம், பேசுகிறவர்கள் மாறிவிடுவது. அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி விகிதக் குழு, கூட்டம் முடிந்து மூன்று வாரத்தில் சுருக்கக் குறிப்பை வெளியிடுகிறது. முழுப் பேச்சு ஐந்தாண்டு கழித்தே வெளிவருகிறது. தங்கள் பேச்சு முழுதாகப் பதிவில் இருப்பதும் அது வெளியாகப் போவதும் 1993இல் தெரியவந்தபின், உறுப்பினர்கள் கூட்டத்தில் வாய்விட்டு மாற்றுக் கருத்துச் சொல்வது குறைந்ததாக ஆய்வாளர்கள் கண்டார்கள். நம் ரிசர்வ் வங்கியின் பணக் கொள்கைக் குழுவில் நடுவழி இருக்கிறது. 14ஆம் நாள் வெளியாகும் குறிப்பில் தீர்மானமும், ஒவ்வொருவரின் வாக்கும், அவரவர் எழுத்தில் தந்த காரணமும் இருக்கும்.

ஒரு கூட்டம் முழுவதற்கும் ஒரே நடை வேண்டுமென்பதில்லை. அஜெண்டாவின் ஒவ்வொரு பொருளுக்கும், பின்னாளில் யார் வந்து என்ன கேட்பார் என்று பார்க்கிறேன். "வேலை முடிந்ததா?" என்றால் செயல் குறிப்பு. "ஏன் இப்படி முடிவெடுத்தீர்கள்?" என்றால், பணமும் விதித் திருத்தமும் பெரும்பாலும் இதில் வரும், விவரக் குறிப்பு. "அவர் சரியாக என்ன சொன்னார்?" என்றால் மட்டும் சொல்லுக்குச் சொல்.

எந்த நடையானாலும் தீர்மான வாசகம் மட்டும் சொல் பிசகாமல் இருக்க வேண்டும். நீங்கள் செயலாளராக இருந்தால், கூட்டம் கலையும் முன் அதை எழுதி, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரோடு எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படித்துவிடுங்கள்.