எட்டு நோயாளிகள் போதுமா?

1960-களின் பிற்பகுதியில் பாஸ்டன் நகர மருத்துவர்களுக்கு ஒரு புதிர். ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடமே பெரும்பாலும் காணப்பட்ட யோனிப் புற்றுநோய், 15 முதல் 22 வயதுக்குள் இருந்த பெண்களுக்கு, அதுவும் அபூர்வமான ஒரு வகையில் வந்திருந்தது. மொத்தம் எட்டே பேர்.

ஆர்தர் ஹெர்ப்ஸ்ட் குழுவினர் நோயிலிருந்து பின்னோக்கிப் போனார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் இணையாக நோயற்ற நான்கு பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே மருத்துவமனையில், அதே வகை வார்டில், ஐந்து நாள் முன்பின்னாகப் பிறந்தவர்கள். வார்டு ஒன்றானால் வசதியும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். காலம் ஒன்றானால் அப்போது புழக்கத்தில் இருந்த மருந்துகளும் ஒன்றாக இருக்கும். பிறகு எல்லாத் தாய்மார்களின் கர்ப்பகால விவரங்களையும் திரட்டினார்கள். நோயாளிகளின் தாய்மார் எட்டுப் பேரில் ஏழு பேர், கருச்சிதைவைத் தடுக்கும் என்று அன்று நம்பப்பட்ட டி.இ.எஸ். என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை எடுத்திருந்தார்கள். மற்ற 32 தாய்மாரில் ஒருவர்கூட எடுக்கவில்லை. 1971 ஏப்ரலில் கட்டுரை வெளியானது. கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்று நவம்பரில் அமெரிக்க அரசு எச்சரித்தது.

இது கேஸ்-கண்ட்ரோல் ஆய்வு. இதையே கோஹார்ட் முறையில், அதாவது மருந்து எடுத்தவர்களின் மகள்களையும் எடுக்காதவர்களின் மகள்களையும் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனிக்கும் முறையில், செய்திருந்தால்? மருந்துக்கு ஆளான பெண்களில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் இந்த நோய் வருகிறது. எட்டு நோயாளிகளைப் பார்க்க எண்ணாயிரம் பெண்களை இருபது ஆண்டுகள் பின்தொடர வேண்டும். அதற்குள் இன்னும் எத்தனை கர்ப்பிணிகள் அந்த மாத்திரையை விழுங்கியிருப்பார்கள்! அரிய நோய்க்குப் பின்னோக்கிய வழிதான் சரி.

ஆனால் இந்த வழியில் இரண்டு பொறிகள் உண்டு. மகளுக்குப் புற்றுநோய் வந்த தாய், தான் சாப்பிட்ட ஒவ்வொரு மாத்திரையையும் தோண்டி நினைவுகூர்வாள், மற்றவள் மறந்திருப்பாள். அதனால்தான் பழைய மருத்துவப் பதிவேடுகளுக்கு இங்கே அத்தனை மதிப்பு. ஏழுக்குச் சுழியம் என்ற இடைவெளியை வெறும் ஞாபகக் கோளாறு உண்டாக்கியிருக்கும் என்று நம்புவதும் கடினம். இரண்டாவது பொறி இன்னும் நுட்பமானது. ரத்தக்கசிவு, முந்தைய கருச்சிதைவு உள்ளவர்களுக்கே இந்த மருந்து எழுதித் தரப்பட்டது. குற்றவாளி மருந்தா, அந்தக் கர்ப்பச் சிக்கலா என்று எட்டுப் பேரை மட்டும் வைத்து முழுமையாகப் பிரித்துச் சொல்ல முடியாது.

தவிர, நோயாளிகளை நாமே தேர்ந்தெடுத்து எண்ணுவதால், மருந்து எடுத்தவர்களில் எத்தனை பேருக்கு நோய் வரும் என்பதை இந்த ஆய்வு நேரடியாகச் சொல்லாது. அதற்குக் கோஹார்ட் வேண்டும். பல்லாண்டு நீடிக்கும், நடுவே கூடிக் குறையும் பழக்கங்களுக்கும் அதுவே நம்பகமானது. 1951-ல் டாலும் ஹில்லும் பிரிட்டிஷ் மருத்துவர்களிடம் புகைப்பழக்கத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். ஆண் மருத்துவர்களை மட்டும் ஐம்பது ஆண்டுகள், இடையிடையே மீண்டும் கேட்டு, அந்த ஆய்வு தொடர்ந்தது. நுரையீரல் புற்றுநோயோடு இதயநோய் மரணங்களும் அதில் வெளிப்பட்டன.

டி.இ.எஸ். மகள்களையும் பின்னாளில் கோஹார்ட்டாகத் தொடர்ந்தார்கள். குழந்தையின்மை, கருக்குழாயில் கரு தங்குதல், குறைப்பிரசவம் ஆகியவை அவர்களிடம் அதிகம் என்று தெரிந்தது. புற்றுநோயாளிகளிடமிருந்து தொடங்கிய 1971 ஆய்வின் கண்ணில் இவை பட்டிருக்க வழியே இல்லை.