ஒரு பக்கச் சுமையும் முறுகும் பீமும்

மாடி உயரத்துக்குத் திறந்திருக்கும் கூடம். அதன் வாசல் பக்கம் இரண்டு தூண்கள், தூண்களுக்கு நடுவே 4 மீட்டர் நீளத்துக்கு ஒரு கான்கிரீட் பீம். அந்த பீமிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை மீட்டர் நீண்டிருக்கிறது வாசல் கூரை. உட்பக்கம் தளமே இல்லை, வெறும் வெளி. பார்க்க எளிமையான இந்த அமைப்பில் பீமின் நிலைமை மற்ற பீம்களைப் போன்றதல்ல. கூரையின் எடை பீமின் தலைமேல் நேராக அமராமல், ஒரு பக்கமாகத் தள்ளி அமர்கிறது. அதனால் பீம் கீழ்நோக்கி வளைவது போதாதென்று, தன் அச்சிலேயே முறுகவும் பார்க்கிறது. இரண்டு முனைகளையும் தூண்கள் இறுகப் பிடித்திருப்பதால் திரும்ப வழியில்லை. திரும்ப முடியாத அந்தத் திருகல்தான் பீமுக்குள் முறுக்கு விசையாகத் தங்குகிறது.

முறுக்கு கான்கிரீட்டை என்ன செய்யும் என்பதை ஒரு சாக்பீஸை வைத்தே பார்த்துவிடலாம். இரு முனைகளையும் விரல்களால் பிடித்து எதிரெதிராகத் திருகினால் அது நேர்குறுக்காக ஒடியாது. ஏறக்குறைய 45 பாகை சாய்வில், சுருள் வடிவில் பிளந்து ஒடியும். அழுத்தினால் தாங்கும், இழுத்தால் தாங்காது என்பதே சாக்பீஸின் இயல்பு. கான்கிரீட்டுக்கும் அதே இயல்புதான். முறுக்கும்போது இழுவிசை சாய்வான திசையில் பிறக்கிறது. அந்த இழுவிசைக்குக் குறுக்காக விரிசல் ஓடி, பீமின் நாலு முகத்தையும் சுற்றி வருகிறது.

எல்லா ஓர பீமுக்கும் இந்தக் கணக்கு வேண்டியதில்லை. வழக்கமான மாடித் தளத்தின் ஓரத்தில் இருக்கும் பீமும் கொஞ்சம் முறுகத்தான் செய்கிறது. ஆனால் அங்கே முறுக்கைத் தராமல் பீம் விலகிக்கொண்டாலும் தளம் விழாது. லேசாக விரிசல் விட்ட பீமின் முறுக்கு விறைப்பு பெருமளவு குறைந்துவிடும், அது சுமக்காத பங்கைத் தளமே தன் நடுப்பகுதியில் வளைந்து ஏற்றுக்கொள்ளும். அப்படிப்பட்ட இடங்களில் முறுக்கை விட்டுவிட்டு வடிவமைக்க இந்திய விதிநூலான ஐ.எஸ். 456:2000 அனுமதிக்கிறது. வாசல் கூரையின் கதை வேறு. பின்னால் தளம் இல்லாததால் கூரையைத் தூக்கி நிறுத்த அந்த பீமின் முறுக்கு வலிமையைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. இங்கே கணக்கை விட்டால் கூரை கவிழ்ந்துவிடும்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். பீமின் அகலம் 300 மி.மீ., உயரம் 500 மி.மீ. கூரைத் தளத்தின் சராசரிக் கனம் 150 மி.மீ. அதன் எடை, மேல்பூச்சு, ஆள் ஏறினால் வரும் சுமை எல்லாம் சேர்த்து சதுர மீட்டருக்கு 6 கிலோநியூட்டன். பத்து கிலோநியூட்டன் ஏறக்குறைய ஒரு டன் என்று வைத்துக்கொண்டால், சதுர மீட்டருக்கு 600 கிலோ. விதிநூல் சொல்லும் 1.5 என்ற பாதுகாப்புக் காரணியால் பெருக்கினால் 9 கிலோநியூட்டன். ஒன்றரை மீட்டர் நீட்டலுக்கு, பீமின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் 13.5 கிலோநியூட்டன் தொங்குகிறது. பீமின் சொந்த எடையையும் பூச்சையும் சேர்த்தால் மீட்டருக்கு 20. பாதி நீளத்தின் சுமை ஒவ்வொரு தூணுக்கும் போவதால், தூண் ஓரத்தில் வெட்டு விசை 40 கிலோநியூட்டன், அதாவது 4 டன்.

அடுத்தது முறுக்கு. கூரையின் எடைமையம் பீமின் விளிம்பிலிருந்து 75 செ.மீ. தொலைவில் இருக்கிறது. பீமின் நடுக்கோட்டிலிருந்து அளந்தால் 90 செ.மீ. மீட்டருக்கு 13.5-ஐ 0.9-ஆல் பெருக்கினால் 12.15. பாதி நீளமான 2 மீட்டருக்கு 24.3 கிலோநியூட்டன்-மீட்டர் முறுக்கு தூண் ஓரத்தில் வந்து சேர்கிறது. பீமின் நட்டநடுவில் முறுக்கு பூஜ்யம். தூணை நெருங்க நெருங்க ஏறும்.

முறுக்குக்கென்று தனிக் கணக்கு வைக்காமல், அதை வெட்டு விசையாக மாற்றி, இருக்கும் வெட்டு விசையோடு கூட்டிவிடுவது ஐ.எஸ். 456 காட்டும் வழி. இப்படிக் கூட்டி வருவதே சமான வெட்டு விசை:

Ve = Vu + 1.6 Tu / b

இதில் Vu என்பது வெட்டு விசை, Tu முறுக்கு, b பீமின் அகலம். நமது பீமுக்கு 40 + 1.6 × 24.3 / 0.3. விடை 169.6 கிலோநியூட்டன். நாலு டன் வெட்டு விசைக்கு இருந்த பீம், பதினேழு டன்னுக்கு வடிவமைக்க வேண்டிய பீமாக மாறிவிட்டது. முறுக்கு மட்டுமே 13 டன்னைக் கொண்டுவந்திருக்கிறது.

இதைத் தகைவாகப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். அடிப்படைக் கம்பிகளுடன் இருக்கும் எம்25 கான்கிரீட் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 0.39 நியூட்டன் வெட்டுத் தகைவைத் தானே தாங்கும். முறுக்கை மறந்துவிட்டுக் கணக்கிட்டால் இந்த பீமில் வருவது 0.30 மட்டுமே. “கான்கிரீட்டே போதும், பேருக்கு ரிங் போடுங்கள்” என்று கணக்கு முடிந்துவிடும், 8 மி.மீ. ரிங்கை 300 மி.மீ. இடைவெளியில் கட்டினாலே விதி நிறைவேறிவிடும். முறுக்கையும் சேர்த்தால் வருவது 1.26. எம்25 கான்கிரீட்டுக்கு உச்ச வரம்பு 3.1 என்பதால் பீமின் அளவு போதும், ஆனால் கம்பி போதாது.

ரிங்குகளுக்கான பங்கு இப்படிப் பிரிகிறது. மூலைக் கம்பிகளுக்கு இடையிலான தூரம் அகலவாக்கில் சுமார் 200, உயரவாக்கில் சுமார் 400 மி.மீ. இந்த அளவுகளை விதிநூலின் சூத்திரத்தில் போட்டால், பீமின் ஒவ்வொரு மில்லிமீட்டர் நீளத்துக்கும் முறுக்குக்கு 0.84 சதுர மி.மீ., வெட்டுக்கு 0.11, ஆக 0.95 சதுர மி.மீ. ரிங் கம்பி தேவை. 8 மி.மீ. ரிங்கின் இரண்டு கால்களும் சேர்ந்து 100 சதுர மி.மீ. கொடுக்கும். ஆகவே இடைவெளி 105. கட்டும்போது 100 மி.மீ. பீமின் நடுப்பாதியில் முறுக்கு குறைவதால் 150 வரை விடலாம். அதற்கு மேல் போக முடியாது. ரிங்கின் அகலத்தையும் உயரத்தையும் கூட்டி நாலால் வகுத்த அளவைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு இங்கே 166 மி.மீ.-இல் தடுக்கிறது.

ரிங் மட்டும் போதாதா என்று கேட்கலாம். விரிசல் சாய்வாக ஓடுவதால் அதைத் திறக்கும் இழுவிசையும் சாய்வானது. அதன் ஒரு பாதியைக் குறுக்கே போகும் ரிங் பிடிக்கும். நீளவாக்கில் இருக்கும் மறுபாதியைப் பிடிக்க நீளக் கம்பிகள் வேண்டும். ஒன்றை மட்டும் கூட்டினால் மற்றதன் வழியாக பீம் பிளக்கும்.

இதற்காக முறுக்கை வளைவுத் திருப்புத்திறனாகவும் மாற்றுகிறது விதிநூல்:

Mt = Tu (1 + D/b) / 1.7

D என்பது பீமின் உயரம். நமது பீமுக்கு விடை 38.1 கிலோநியூட்டன்-மீட்டர். தூண் ஓரத்தில் சுமையால் வரும் வளைவுத் திருப்புத்திறன் 26.7. அங்கே இழுபடுவது பீமின் மேல்பக்கம் என்பதால், மேல் கம்பிகளை இரண்டின் கூட்டுத்தொகையான 64.8-க்கு வடிவமைக்க வேண்டும். தேவை 350 சதுர மி.மீ.; இரண்டு 16 மி.மீ. கம்பிகள் 402 கொடுக்கும். முறுக்கு பீமின் எல்லாப் பக்கத்தையும் இழுக்கிறது. அது வளைவை விட அதிகமாக இருக்கும் இந்த பீமில், அழுத்தத்தில் இருக்க வேண்டிய அடிப்பக்கம்கூட மிச்சமுள்ள 11.4-க்கு இழுபடுகிறது. அடிக்குக் குறைந்தபட்ச அளவு கம்பியே போதும் என்றாலும், இரண்டு 16 மி.மீ. கம்பிகளை நடுவில் வெட்டிவிடாமல் தூணுக்குள் நுழைத்து நங்கூரமிட வேண்டும். பீமின் உயரம் 450 மி.மீ.-ஐத் தாண்டுவதால் பக்கவாட்டுக் கம்பியும் உண்டு. குறுக்குவெட்டுப் பரப்பில் 0.1 சதவீதம், அதாவது 150 சதுர மி.மீ.; பக்கத்துக்கு ஒரு 10 மி.மீ. கம்பி பீமின் நடு உயரத்தில் வந்தால் சரி.

சுவரோடு ஒட்டிப் போகட்டும் என்று பீமை 230 மி.மீ. அகலத்தில் வைப்பது நம் ஊர் வழக்கம். முறுக்குக்கு அது கட்டுப்படியாகாது. இதே கூரையை 230 மி.மீ. பீமில் தொங்கவிட்டால் தகைவு 1.26-லிருந்து 1.95-க்கு ஏறும்; ரிங் இடைவெளி 80 மி.மீ.-க்குள் இறங்கும். அவ்வளவு நெருக்கத்தில் கான்கிரீட் இறங்காமல் தேன்கூடு போல ஓட்டை விழவும் வாய்ப்பு அதிகம். முறுக்கு பீமுக்கு உயரத்தைக் கூட்டுவதை விட அகலத்தைக் கூட்டுவது அதிகம் கைகொடுக்கும். அதைவிட நல்ல வழி, வடிவமைப்பு இடம் கொடுத்தால், அதே மட்டத்தில் உட்பக்கமும் தளத்தைத் தொடர்வது. கூரையின் மேல்கம்பி பின்னால் ஓடித் தளத்தில் பிடித்துக்கொண்டால் முறுக்கின் பெரும்பகுதி பீமுக்கு வராது.

வரைபடத்தில் சரியாக இருப்பது வேலையிடத்தில் தவறும் இடங்கள் சில உண்டு. முதலாவது ரிங்கின் கொக்கி. 90 பாகையில் மடித்த கொக்கி, மேலுறைக் கான்கிரீட் பெயர்ந்ததும் வாய் பிளந்துவிடும். 135 பாகையில் மடித்து, முனை குறைந்தது 65 மி.மீ. உள்ளே போக வேண்டும். மேலே திறந்த ‘யு’ வடிவ ரிங் முறுக்குக்கு உதவவே உதவாது. விரிசல் நாலு முகத்திலும் ஓடும்போது ரிங்கும் நாலு முகத்திலும் இருந்தாக வேண்டும். இரண்டாவது, பக்கவாட்டுக் கம்பி. வளைவுக் கணக்கில் அதற்கு வேலை இல்லாததால், தேவையற்றது என்று எண்ணி விட்டுவிடுவார்கள். மூன்றாவது, கூரையின் மேல்கம்பி. அது பீமுக்குள் 300 மி.மீ. அகலத்திலேயே முடிவதால், நேராக விடாமல் கீழ்நோக்கி மடித்துப் போதிய நீளம் இறக்க வேண்டும்.

தவறு நடந்த பீமை அடையாளம் காண்பதும் கடினமில்லை. வளைவால் வரும் விரிசல் பீமின் நடுவில், அடியிலிருந்து நேராக ஏறும். முறுக்கால் வருவது தூணுக்கு அருகே ஒரு முகத்தில் சாய்வாகத் தொடங்கி, அடிப்பக்கத்தைக் கடந்து, மறு முகத்தில் சுருளாகத் தொடரும். முறுக்கும் வெட்டும் ஒரு பக்கவாட்டு முகத்தில் கூடுகின்றன, எதிர் முகத்தில் கழிகின்றன. அதனால் ஒரு பக்கம் விரிசல் அகலமாகவும் மறுபக்கம் மெலிதாகவும் இருக்கும். கூரையின் வெளிவிளிம்பில் ஒரு நூலைப் பிடித்தாலும் தெரியும். பீம் அதிகம் திரும்புவது நடுவில்தான் என்பதால், விளிம்பின் நடுப்பகுதி தூண் பக்கங்களை விடத் தாழ்ந்திருக்கும். மழைக்குப் பிறகு தண்ணீர் அங்கேதான் தேங்கும்.

பீமோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. அந்த 24.3 கிலோநியூட்டன்-மீட்டர் முறுக்கு தூணுக்குள் போனதும் தூணை வளைக்கும் திருப்புத்திறனாக மாறுகிறது. பீமை மட்டும் திருத்திவிட்டு, நேர்ச்சுமைக்கென்று கணக்கிட்ட தூணை அப்படியே விட்டால் விரிசல் தூணில் இடம் பிடிக்கும். 6 மீட்டர் வரையிலான பீம்களுக்கு முட்டுகள் குறைந்தது 14 நாள் நிற்க வேண்டும் என்கிறது விதிநூல். அவற்றைப் பிரிக்கும்போது கூரையின் வெளிவிளிம்பிலிருந்து தொடங்கி, பீமை நோக்கி உள்ளே வர வேண்டும்.