மதிப்புரையின் கடைசி வரி

‘அனைவரும் படிக்க வேண்டிய நூல்’ என்று முடியும் மதிப்புரைகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். அந்த வரியைப் பெயர்த்தெடுத்து வேறொரு புத்தகத்தின் மதிப்புரையில் ஒட்டினாலும் பொருந்திவிடும். கோளாறு அங்கேதான். தீர்ப்பு என்பது மேலே சொன்னவற்றிலிருந்து விளைய வேண்டும். தனியாகக் கொண்டுவந்து வைக்கக் கூடாது. ஒரு மதிப்புரை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கடைசி வரியிலிருந்து பின்னோக்கிப் படித்தே கண்டுபிடித்துவிடலாம்.

மதிப்புரைக்கு மூன்று வேலைகள். நூல் என்ன சொல்கிறது என்று சுருக்குவது, அதைச் சரியாகச் செய்திருக்கிறதா என்று ஆராய்வது, ஆராய்ந்ததைக் கொண்டு முடிவு சொல்வது. 600 சொற்களில் எழுதுகிறவர் சுருக்கத்துக்கு 200, ஆய்வுக்கு 300, மிச்சத்தை அறிமுகத்துக்கும் முடிவுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இது சட்டமல்ல, ஆனால் சுருக்கம் பாதியைத் தாண்டினால் கையில் இருப்பது மதிப்புரையல்ல, கதைச்சுருக்கம்.

ஒரு நூலை எடுத்துச் செய்து பார்ப்போம். உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1950இல் நூலானது. 122 அத்தியாயங்கள்.

முதலில் சுருக்கம். அத்தியாய வரிசையில் போனால் ஊர், தாத்தா, அப்பாவின் சங்கீதம், திண்ணைப் பள்ளிக்கூடம் என்று 200 சொற்களும் குழந்தைப் பருவத்திலேயே தீர்ந்துவிடும். சுருக்கத்துக்கு வேண்டியது வரிசையல்ல, நூலின் எலும்புக்கூடு. இப்படி எழுதலாம்: 1855இல் பிறந்த ஒருவர் தமிழ் கற்க ஊர் ஊராக அலைந்து, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்து, அவர் 1876இல் மறையும்வரை கற்கிறார், பிறகு கும்பகோணம் கல்லூரி ஆசிரியராகி, தாம் பாடமே கேட்டிராத பழைய நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவருகிறார். நூலின் இரண்டு பாதிகளும் அவற்றுக்கு நடுவே இருக்கும் திருப்பமும் இதில் வந்துவிட்டன. இதில் ‘அற்புதமாக’ என்றோ ‘சலிப்பூட்டும்படி’ என்றோ ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். சுருக்கத்தில் நூலாசிரியர் மட்டுமே பேச வேண்டும். ‘என்கிறார்’, ‘என்பது அவர் வாதம்’ என்று தமிழில் எளிதாக முடித்துக்காட்ட வழியிருக்கிறது. அதை விட்டுவிட்டால் எது நூலாசிரியர் கருத்து, எது மதிப்புரையாளர் கருத்து என்று வாசகர் தடுமாறுவார்.

அடுத்தது ஆய்வு. இங்கே அளவுகோல் வேண்டும். நம்மிடம் பழைய அளவுகோல் ஒன்று உண்டு. நன்னூல் பாயிரத்தில் பவணந்தி நூலுக்கு வரும் குற்றங்கள் பத்தையும் அழகுகள் பத்தையும் அடுக்கியிருக்கிறார். சொல்ல வேண்டியதைக் குறைவாகச் சொல்வது குன்றக் கூறல். எடுத்த பொருளை விட்டு வேறொன்றைப் பெருக்குவது மற்றொன்று விரித்தல். போகப்போகத் தேய்ந்து முடிவது சென்று தேய்ந்திறுதல். ‘பிடிக்கவில்லை’ என்று சொல்வதைவிட இந்தப் பெயர்கள் உதவும். எது பிடிக்கவில்லை, ஏன் என்று யோசிக்க அவை கட்டாயப்படுத்துகின்றன.

இந்த மூன்றையும் ‘என் சரித்திர’த்தின் மேல் வைத்துப் பார்ப்போம். படிக்கிற பலருக்கும் தோன்றும் முதல் குறை, முற்பாதியில் அந்தாதி, பிள்ளைத்தமிழ், தலபுராணம் என்று படித்த நூல்களின் பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன என்பது. இது மற்றொன்று விரித்தல்தானே? அவசரப்படாமல் நூலின் பிற்பகுதிக்குப் போக வேண்டும். 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் என்ற முன்சீப் கும்பகோணத்துக்கு வருகிறார். சாமிநாதையர் தாம் படித்தவற்றையெல்லாம் சொல்கிறார். முதலியார் அதில் வியப்புக் காட்டவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்கிறார். இல்லை என்பதே பதில். அந்தச் சந்திப்பிலிருந்து தொடங்கிய வேலை 1887இல் சிந்தாமணிப் பதிப்பாக முடிந்தது. முற்பாதியின் நீண்ட பட்டியலைக் கடந்து வந்த வாசகருக்குத்தான் அந்த ‘இல்லை’ உறைக்கும். இத்தனை கற்றவருக்கே இவை தெரியவில்லையென்றால், அன்றைய தமிழ்க் கல்வியின் எல்லை எதுவென்று புரியும். ஆக, குறை என்று தோன்றியது இந்த நூலின் பலம். சில பக்கங்கள் சலிப்பூட்டுகின்றன என்பதும் உண்மைதான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது குறை, கதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியோடு நின்றுவிடுகிறது என்பது. அதற்குப் பின் அவர் வாழ்ந்த நாற்பது ஆண்டுகள் இதில் இல்லை. ஆனால் தொடர் வந்துகொண்டிருந்தபோதே, 1942 ஏப்ரலில், அவர் காலமானார். எனவே இதைக் குற்றமாக எழுதுவது நியாயமில்லை. வாசகர் அறிய வேண்டிய தகவலாகச் சுருக்கத்திலேயே சொல்லிவிடலாம்.

மூன்றாவது நிற்கும் குறை. திருமணம் நடந்த விதம் விரிவாக வருகிறது. மனைவியைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. இதைக் குன்றக் கூறல் எனலாம். ஆனால் அந்தக் குறையின் எடை என்ன? ஒரு புலவரின் கல்வி வரலாறாகப் படிப்பவருக்கு இழப்பு அதிகமில்லை. அந்தக் காலத்துக் குடும்ப வாழ்க்கையை, பெண்களின் நிலையை அறியப் படிப்பவருக்கு இது பெரிய வெற்றிடம். குறையைச் சொன்னால் மட்டும் போதாது, அதனால் யாருக்கு என்ன குறைகிறது என்றும் சொல்ல வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக் மதிப்புரைக்கென்று வகுத்துக்கொண்ட விதிகளில் முதலாவதும் இதையொட்டியதே: ஆசிரியர் செய்ய முயலாத ஒன்றைச் செய்யவில்லை என்று அவரைக் குறை கூறாதே.

நூலுக்குப் பதில் ஆய்வுக் கட்டுரை என்றாலும் கட்டுமானம் இதுதான். சுருக்கத்தில் கட்டுரை எழுப்பும் கேள்வி, காட்டும் சான்று, சேரும் முடிவு ஆகிய மூன்றும் வந்தால் போதும். ஆய்வில் பார்க்க வேண்டியது, சான்று தாங்குகிற அளவைவிட முடிவு பெரிதாக இருக்கிறதா என்பதை. இரண்டு ஊர்களில் சேகரித்த தகவலை வைத்து மாநிலம் முழுமைக்கும் முடிவு சொன்னால், அந்த இடைவெளியைச் சுட்டுவதே மதிப்புரையாளர் வேலை.

இனித் தீர்ப்பு. மேலே ஆராய்ந்ததிலிருந்து இப்படி எழுதலாம்: ‘பழைய தமிழ்க் கல்வி எப்படி நடந்தது, அதிலிருந்து பதிப்புப் பணி எப்படிப் பிறந்தது என்று அறிய விரும்புகிறவர் முற்பாதியின் பட்டியல்களைத் தாண்டாமல் படிக்க வேண்டிய நூல், அக்காலக் குடும்ப வாழ்க்கையைத் தேடுகிறவருக்கு இது போதாது.’ இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே ஓர் ஆதாரம் இருக்கிறது. இங்கே திடீரென்று ‘அச்சுப்பிழைகள் அதிகம்’ என்று புதுக் குறை ஒன்று முளைக்கக் கூடாது. சொல்லத் தகுந்ததென்றால் அதன் இடம் ஆய்வுப் பகுதி.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பென்சிலை எடுத்து ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் சுருக்கமென்றால் ‘சு’, ஆய்வென்றால் ‘ஆ’, தீர்ப்பென்றால் ‘தீ’ என்று குறியுங்கள். ‘சு’ பக்கம் முழுக்க ஓடினால், நூலுக்குள் இருந்து நீங்கள் இன்னும் வெளியே வரவில்லை. ‘ஆ’ போட்ட வாக்கியத்துக்கு நூலில் ஒரு பக்கத்தையாவது காட்ட முடியாவிட்டால் அது ஆய்வில்லை, அபிப்பிராயம். ‘தீ’ முதல் பத்தியிலேயே எரிகிறதென்றாலும் தவறில்லை. அது எரிவதற்கான விறகு அடுத்த பத்திகளில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.