பாராட்டு போதாது, வகுப்பறையைக் காட்டுங்கள்

அமெரிக்க மத ஆய்வுக் கழகம், சமய ஆய்வுத் துறை ஆசிரியர்களுக்குச் சிறந்த கற்பித்தலுக்கான விருது வழங்குகிறது. இத்தகைய விருதுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுபவர்கள் பெரும்பாலும் முதல் பத்தியிலேயே சறுக்குகிறார்கள். "மாணவர்களின் மனம் கவர்ந்தவர்" என்பதை எந்த ஆசிரியருக்கும் எழுதலாமே!

வகுப்பில் நேரில் பார்த்ததை எழுதினால்தான் கடிதம் எடுபடும். இப்படி ஒரு வகுப்பை வைத்துக்கொள்வோம்: ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களைப் படித்து, எது எந்த வரிசையில் படைக்கப்பட்டது என்று மாணவர்கள் பட்டியலிடுகிறார்கள். முதல் அதிகாரத்தில் விலங்குகளுக்குப் பிறகே மனிதர்கள். இரண்டாவதில் ஆதாம் முந்திவிடுகிறான். "எது சரி, சார்?" என்கிறாள் ஒரு மாணவி. விரிவுரையாளர் தீர்ப்புச் சொல்வதில்லை. "இரண்டையும் அருகருகே வைத்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?" என்று கேட்கிறார். பக்தரும் நாத்திகரும் ஒரே பக்கத்தில் ஆதாரம் தேடுகிறார்கள். அந்த மாணவியின் முதல் கட்டுரையையும் கடைசிக் கட்டுரையையும் ஒப்பிட்டு இரண்டு வரி சேர்த்தால், கற்றது என்ன என்பது தெரிந்துவிடும்.

"இவரால் மாணவர்களின் இறைநம்பிக்கை வளர்ந்தது" என்ற வரி, அரசுப் பல்கலைக்கழக ஆசிரியருக்குப் பாதகமாகவே முடியும். 1963இல் ஏபிங்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளிகள் பக்திச் சடங்காக பைபிள் வாசிக்கச் செய்வதைத்தான் தடுத்தது. மதத்தைப் பற்றிப் பாடமாகப் படிப்பதை அல்ல.