உருகாத ஐஸ், வழியாத துளி

குளிர்பான விளம்பரத்தைப் பார்த்ததும் தாகம் எடுக்கிறதே, அந்தப் பாட்டில் பெரும்பாலும் ஜில்லென்றே இருக்காது. உண்மையான ஐஸ் ஸ்டூடியோ விளக்குச் சூட்டில் சில நிமிடங்களில் உருகி, பானத்தின் நிறத்தையும் வெளுக்க வைக்கும். அதனால் கண்ணாடி போன்ற அக்ரிலிக் கட்டிகளைப் போடுகிறார்கள். ஒரு சிக்கல்: நிஜ ஐஸ் மிதக்கும், அக்ரிலிக் மூழ்கும். அடியிலிருந்து விளிம்புவரை கட்டிகளை அடுக்கினால்தான் குட்டு வெளிப்படாது.

பாட்டில் மேல் பனி படிந்த தோற்றத்துக்கு, முதலில் லேபிளை மறைத்துவிட்டு, பளபளப்பை மங்கவைக்கும் ஸ்ப்ரேயை லேசாக அடிப்பார்கள். அது காய்ந்தபின் கிளிசரினும் தண்ணீரும் சரிபாதி கலந்து தெளிப்பார்கள். வெறும் தண்ணீர் வழிந்தோ காய்ந்தோ போகும். கிளிசரின் கெட்டியானது, எளிதில் ஆவியாகாது. துளிகள் மணிக்கணக்கில் நிற்கும். தண்ணீர் கூடினால் துளிகள் கோடாக இறங்கும். அப்போது துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பொறுமையைச் சோதிக்கும் வேலை!

எலுமிச்சை மட்டும் அசல். மெல்லிய வில்லையாக அரிந்து, பின்னாலிருந்து ஒளி பாய்ச்சினால் சுளைகள் விளக்குபோல் ஒளிரும். கருநிறப் பானத்துக்கோ பாட்டிலின் பின்னால், அதே வடிவில் வெட்டிய வெள்ளி அட்டையை ஒளித்து வைப்பார்கள். அது ஒளியைத் திருப்பி அனுப்ப, கறுப்பாகத் தெரிந்த பானம் தேன்நிறமாக மின்னும்.

அடுத்த முறை விளம்பரத்தில் கோப்பையின் அடியைக் கவனியுங்கள். கட்டி ஒன்று தனியாகக் கீழே கிடந்தால், அது ஐஸ் அல்ல.