ஆங்கிளுக்குள் சாய்ந்திருக்கும் அச்சு

தகரக் கூரை போட்ட ஷெட்டில் ஷீட்டைத் தாங்கக் குறுக்கே ஓடும் இரும்புச் சட்டத்தைப் பர்லின் என்பார்கள். சின்ன ஷெட்டுகளில் அது பல நேரம் எல் வடிவ ஆங்கிளாக இருக்கும். கூரையின் பாரம் அதன்மேல் நேர் கீழாக இறங்குகிறது. ஆங்கிளும் நேர் கீழாகத்தான் தொய்யும் என்று நினைப்போம். ஆனால் தனியாக விடப்பட்ட ஆங்கிள் தொய்யும்போதே பக்கவாட்டிலும் விலகும். சில அளவுகளில் கீழே இறங்குவதைவிடப் பக்கத்தில் விலகுவதே அதிகம்.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். சுவர் முனைகளில் ஒட்டுகிற எல் வடிவப் பிளாஸ்டிக் பட்டை ஒன்றை எடுத்து, ஒரு முனையை மேசையில் இறுக்கிவிட்டு, மறுமுனையில் இரு கைகளும் சேரும் மூலையிலிருந்து நூலில் ஒரு பாரத்தைத் தொங்கவிடுங்கள். மூலையில் கட்டுவது முக்கியம். வேறெங்கு கட்டினாலும் பட்டை முறுக்கிக்கொள்ளும், அது வேறு கதை. பாரத்தை மெல்ல விட்டால் பட்டையின் நுனி சாய்வான ஒரு கோட்டில் இறங்கும். இழுப்பது புவியீர்ப்பு மட்டும்தான், அது நேர் கீழாகத்தான் இழுக்கிறது. பக்கவாட்டு நகர்வு பட்டையின் குறுக்குவெட்டு வடிவத்திலிருந்து வருகிறது.

ஒரு சட்டம் வளைவதற்குக் காட்டும் எதிர்ப்பில் பொருளுக்கு ஒரு பங்கு, வடிவத்துக்கு ஒரு பங்கு. வடிவத்தின் பங்கை நிலைமத் திருப்புத்திறன் என்கிறோம். குறுக்குவெட்டைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் பரப்பையும் அச்சிலிருந்து அதன் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டினால் அது கிடைக்கும். கிடை அச்சைப் பற்றிக் கணக்கிட்டால் Ix, நிலைக்குத்து அச்சைப் பற்றிக் கணக்கிட்டால் Iy. வர்க்கம் என்பதால் இரண்டும் எப்போதும் நேர்ம எண்கள்.

மூன்றாவதாக ஒரு எண் இருக்கிறது. அதுதான் இங்கே கதாநாயகன். ஒவ்வொரு துண்டின் பரப்பையும் அதன் கிடைத் தூரம், நிலைக்குத்துத் தூரம் இரண்டாலும் பெருக்கிக் கூட்டினால் வருவது நிலைமப் பெருக்கம், Ixy. இங்கே வர்க்கம் இல்லாததால் குறி நுழைகிறது. பரப்பு மையத்தை நடுவில் வைத்து நான்கு கால் பகுதிகளாகப் பிரித்தால், மேல் வலதிலும் கீழ் இடதிலும் உள்ள துண்டுகள் கூட்டலாக வரும். மற்ற இரண்டிலும் உள்ளவை கழித்தலாக வரும். ஒரு அச்சின் இருபுறமும் வடிவம் கண்ணாடிப் பிம்பமாக இருந்தால் ஒவ்வொரு கூட்டலுக்கும் எதிரே ஒரு கழித்தல் நின்று, மொத்தம் பூச்சியமாகிவிடும். செவ்வகம், ஐ வடிவ பீம், குழாய் எல்லாம் அந்த வகை. எல் வடிவத்தில் அப்படிக் கழிந்துபோகாது. மிஞ்சி நிற்கும் அந்த எண்தான் பட்டையைப் பக்கத்தில் தள்ளியது.

உண்மையான அளவில் ஒரு ஆங்கிளை எடுத்துக்கொள்வோம். நிற்கும் கை 10 செ.மீ., படுத்த கை 6 செ.மீ., கனம் 1 செ.மீ. இரண்டும் இடது கீழ் மூலையில் சேர்கின்றன. உருட்டாலையில் விடும் மூலை வளைவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. இதை 10 ச.செ.மீ. நிற்கும் செவ்வகமாகவும் 5 ச.செ.மீ. படுத்த செவ்வகமாகவும் பிரிக்கலாம். பரப்பு மையம் மூலையிலிருந்து வலப்பக்கம் 1.5 செ.மீ., மேலே 3.5 செ.மீ. தொலைவில் விழுகிறது. அந்தப் புள்ளி இரும்புக்குள் இல்லை, வெற்றிடத்தில் இருக்கிறது. அதில் தவறில்லை.

அந்த மையம் வழியாகச் செல்லும் அச்சுகளுக்குக் கணக்கிட்டால் Ix = 151.25, Iy = 41.25 (அலகு செ.மீ.⁴). நிலைமப் பெருக்கத்தை நிதானமாகப் பார்க்கலாம். நிற்கும் செவ்வகத்தின் நடுப்புள்ளி மையத்துக்கு இடப்பக்கம் 1, மேலே 1.5. எனவே 10 × (−1) × 1.5 = −15. படுத்த செவ்வகத்தின் நடுப்புள்ளி வலப்பக்கம் 2, கீழே 3. எனவே 5 × 2 × (−3) = −30. ஒவ்வொரு செவ்வகமும் தன் சொந்த மையத்தைப் பொறுத்துச் சமச்சீரானது. அதனால் வேறெதையும் கூட்ட வேண்டியதில்லை. Ixy = −45. இந்தக் கழித்தல் குறியை யாரும் அலட்சியமாக விடக்கூடாது. ஆங்கிளை இடவலமாகப் புரட்டி வைத்தால் Ix, Iy மாறாது, ஆனால் Ixy +45 ஆகிவிடும். ஆங்கிள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதைச் சொல்வது இந்தக் குறி ஒன்றுதான்.

அச்சுகளை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் மூன்று எண்களும் மாறும். ஏதோ ஒரு கோணத்தில் நிலைமப் பெருக்கம் பூச்சியமாகும். அந்தக் கோணத்தில் உள்ள இரண்டு அச்சுகளே முதன்மை அச்சுகள். ஒன்றைப் பற்றித் திருப்புத்திறன் உச்சம், மற்றதைப் பற்றிக் குறைந்தபட்சம். அந்தக் கோணத்தைச் சூத்திரத்தில் போட்டும் கண்டுபிடிக்கலாம். ஆனால் சூத்திரம் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு விடைகளைத் தரும். எது உச்சம், எது குறைவு என்று சொல்லாது. பரீட்சைத் தாள்களில் மதிப்பெண் போவது பெரும்பாலும் அங்கேதான். வட்டம் போட்டால் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

இந்த வட்டத்துக்கு ஜெர்மானியப் பொறியாளர் ஒட்டோ மோர் (1835–1918) பெயர் வழங்குகிறது. டிரெஸ்டனில் பேராசிரியராக இருந்த அவர், பொருளுக்குள் இருக்கும் தகைவுகளைப் படமாக்க 1882இல் ஒரு வட்டத்தைக் கொடுத்தார். அச்சைத் திருப்பினால் தகைவுகள் எந்த விதியில் மாறுகின்றனவோ அதே விதியில்தான் திருப்புத்திறன்களும் மாறுகின்றன. ஆகவே அதே வட்டம் இங்கேயும் பொருந்துகிறது.

ஒரு தாளில் கிடைக்கோடு ஒன்றை வரைந்து அதில் திருப்புத்திறனைக் குறியுங்கள். நிலைக்குத்தாக நிலைமப் பெருக்கத்தைக் குறியுங்கள். 1 செ.மீ.⁴க்கு 1 மி.மீ. என்று வைத்தால் படம் சாதாரண ஏ4 தாளில் அடங்கும். முதல் புள்ளி (151.25, −45), கோட்டுக்குக் கீழே விழும். இரண்டாவது புள்ளி (41.25, +45), குறியை மாற்றி வைப்பதால் கோட்டுக்கு மேலே விழும். இரண்டையும் ஸ்கேலால் சேர்த்தால் அந்தக் கோடு கிடைக்கோட்டை 96.25இல் வெட்டும். அங்கே காம்பஸின் முள்ளை வைத்து, இரு புள்ளிகள் வழியாகவும் வட்டம் போடுங்கள். வேலை முடிந்தது.

மையத்திலிருந்து முதல் புள்ளி வலப்பக்கம் 55, கீழே 45. எனவே ஆரம் சுமார் 71.06. வட்டம் கிடைக்கோட்டை வலப்பக்கம் 167.3இலும் இடப்பக்கம் 25.2இலும் வெட்டுகிறது. கிடைக்கோட்டின் மேல் நிலைமப் பெருக்கம் பூச்சியம் என்பதால் இவையே முதன்மைத் திருப்புத்திறன்கள். முதல் புள்ளியிலிருந்து வலது வெட்டுப்புள்ளிக்குப் போக இடஞ்சுழியாக 39.3 பாகை திரும்ப வேண்டும். ஆங்கிளில் அதில் பாதி, 19.65 பாகை, அதே இடஞ்சுழித் திசையில் திரும்ப வேண்டும். ஏன் பாதி? ஒரு அச்சை 180 பாகை திருப்பினால் மீண்டும் அதே கோடுதான் கிடைக்கிறது, திருப்புத்திறனும் பழைய மதிப்புக்கே வந்துவிடுகிறது. ஆங்கிளில் அரைச் சுற்று முடியும்போது வட்டத்தில் முழுச் சுற்று முடிய வேண்டும்.

விடை சரியா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. எந்தக் கோணத்திலும் இரண்டு திருப்புத்திறன்களின் கூட்டல் மாறாது. 151.25 + 41.25 = 192.5, 167.3 + 25.2உம் 192.5தான். கூட்டல் பொருந்தினாலும் கோணத்தின் திசை தப்பியிருக்கலாம். அதற்குக் கண்ணே போதும். குறைந்த திருப்புத்திறன் உள்ள அச்சு, இரும்பு நீண்டு பரவியிருக்கும் திசையில் ஓட வேண்டும். நம் ஆங்கிளில் அது மேல் இடதிலிருந்து கீழ் வலதுக்கு, நிற்கும் கையின் நுனிக்கும் படுத்த கையின் நுனிக்கும் இடையே போகும் சாய்வு. உங்கள் படத்தில் அது எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் குறி எங்கோ தவறிவிட்டது.

இப்போது பர்லினுக்குத் திரும்புவோம். நேர் கீழாக இறங்கும் பாரம் இரண்டு முதன்மை அச்சுத் திசைகளிலும் பிரிகிறது. வலுவற்ற பக்கத்துக்கு வருவது சின்னப் பங்கு, ஏறத்தாழ மூன்றில் ஒன்று. ஆனால் அந்தப் பக்கத்தில் எதிர்ப்பு 167 இல்லை, வெறும் 25. அதனால் சின்னப் பங்கே பெரிய வளைவைத் தந்துவிடுகிறது. Ix மட்டும் வைத்துக் கணக்கிட்டு 10 மி.மீ. தொய்யும் என்று எழுதிய ஆங்கிள், தாராளமாக விடப்பட்டால் 14.8 மி.மீ. கீழே இறங்கும், கூடவே 16.2 மி.மீ. பக்கத்தில், நிற்கும் கையின் முதுகுப்புறமாக, விலகும். நிற்கும் கையின் நுனியில் தகைவும் எளிய கணக்கைவிட 36 சதவீதம் கூடுதல்.

அப்படியானால் எளிய கணக்கில் போட்ட கூரைகள் ஏன் நிற்கின்றன? மேலே திருகிய ஷீட்டும் பர்லின்களுக்கிடையே கட்டும் கம்பிகளும் பக்கவாட்டு விலகலைப் பிடித்துக்கொள்கின்றன. பக்கத்தில் நகரவே விடாமல் நெடுகப் பிடித்தால் ஆங்கிள் நேர் கீழாகத்தான் தொய்யும், Ix கணக்கும் சரியாகிவிடும். ஆனால் அந்தப் பிடிப்புக்கு வேலை இருக்கிறது: நம் ஆங்கிளில் மேலிருந்து வரும் பாரத்தில் சுமார் 30 சதவீதத்துக்குச் சமமான பக்கவாட்டு விசையை அது தாங்க வேண்டும். ஷீட்டைக் கழற்றிப் பழுதுபார்க்கும் நாளில் அந்தப் பிடிப்பும் போய்விடுகிறது என்பதை வேலை செய்பவர்கள் மனதில் வைக்க வேண்டும்.

ட்ரஸ்ஸில் அமுக்கத்தைத் தாங்கும் உறுப்பாக ஒற்றை ஆங்கிளைப் போடும்போது விஷயம் இன்னும் கூர்மையாகிறது. அமுக்கினால் அது எந்தப் பக்கம் எதிர்ப்பு மிகக் குறைவோ அந்தப் பக்கம் நெளிந்துவிடும். நாம் வரைந்த அச்சுகளைப் பற்றி அதற்குக் கவலையில்லை. இரு முனைகளும் மூட்டுப் போல் திரும்பக்கூடிய 2 மீட்டர் உறுப்பு என்றால், Iyஐ வைத்து ஆய்லர் சூத்திரப்படி கணக்கிட்டால் நெளியும் பாரம் ஏறக்குறைய 20.8 டன் வரும். உண்மையான குறைந்தபட்சமான 25.2ஐ வைத்தால் 12.7 டன். இரும்பின் சிறு கோணல்களுக்காக விதிமுறைகள் இதையும் குறைத்தே அனுமதிக்கும். எஃகு அட்டவணைகளில் ஒவ்வொரு ஆங்கிளுக்கும் முதன்மை அச்சு மதிப்புகளைத் தனியாக அச்சிட்டிருப்பது இதற்காகத்தான். தூணாகவோ அமுக்க உறுப்பாகவோ போடும்போது அந்தக் கட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இசட் வடிவப் பர்லின் பலரை ஏமாற்றும். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் எதிரெதிர்ப் பக்கம் நீள்வதால் சமநிலையாகத் தெரியும். ஆனால் இரண்டு விளிம்புகளும் ஒரே குறி கொண்ட கால் பகுதிகளில் விழுகின்றன. நிலைமப் பெருக்கம் கழிந்துபோவதில்லை, கூடிவிடுகிறது. எனவே இதன் முதன்மை அச்சும் சாய்ந்தே இருக்கும். சரிவான கூரைகளில் அந்தச் சாய்வையே பயன்படுத்திக்கொள்கிறார்கள். மேல் விளிம்பு கூரையின் முகட்டைப் பார்க்கும்படி வைத்தால், கூரைச் சரிவும் அச்சின் சாய்வும் ஒன்றையொன்று ஈடுசெய்து, வலுவான அச்சு பாரத்தை ஏறக்குறைய நேராகச் சந்திக்கிறது. திருப்பி மாட்டினால் இரண்டு சாய்வும் கூடி, பக்கவாட்டுத் தள்ளல் அதிகரிக்கும்.