தேர்வில் வென்றும் தவறிப்போகும் உதவித்தொகை

என்.எம்.எம்.எஸ். தேர்வை எட்டாம் வகுப்பில் எழுதி வென்றால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவராக இருக்க வேண்டும். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. இதுவரை பலருக்கும் தெரியும். பணம் கைநழுவுவது இதற்குப் பிறகுதான்.

பட்டியலில் பெயர் வந்ததுமே பணம் வந்துவிடாது. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபின் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் கடைசித் தேதி உண்டு. அதைப் பள்ளி சரிபார்க்க ஒரு தேதி, மாவட்ட அலுவலர் சரிபார்க்க இன்னொரு தேதி. மாணவர் கடைசி நாளில் விண்ணப்பித்து, ஆதாரில் உள்ள பெயரும் பள்ளிப் பதிவேட்டுப் பெயரும் வேறாக இருந்தால், விண்ணப்பம் திருத்தத்துக்குத் திரும்பும். திருத்தி அனுப்ப அப்போது நாள் இருக்காது. ஆகவே இணையதளம் திறந்த வாரமே விண்ணப்பித்து, பள்ளி சரிபார்த்துவிட்டதா என்று நிலையைப் பார்ப்பது நல்லது.

ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கவும் வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தால்தான் பதினொன்றில் தொகை தொடரும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 55 போதும்.